பல மாதமாக ஆர்டர் தராத கேக் கஸ்டமருக்கு என்ன எழுதலாம்?

பெங்களூரு அபார்ட்மென்ட்களில் குடியிருக்கிற யாருடைய போனிலும் இரண்டு மூன்று ஹோம் பேக்கர்களின் எண் இருக்கும். அவர்களிடமிருந்து அவ்வப்போது ஒரு செய்தி வரும்: “உங்களை ரொம்ப மிஸ் பண்றோம்! இந்த வாரம் மட்டும் 20 சதவீதம் தள்ளுபடி!” கூடவே ஒரு கேக் படம், நாலு இதயம். பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். அந்த பேக்கர் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. அந்த வாரம் வீட்டில் யாருக்கும் பிறந்தநாள் இல்லை, அவ்வளவுதான்.

நானும் சி.வி. ராமன் நகர் பக்கம் வீட்டிலிருந்தே கேக்கும் பிரெட்டும் செய்து விற்கிறவள். பல மாதமாகச் சத்தமில்லாமல் இருக்கிற கஸ்டமர்களுக்கு நான் எப்படி எழுதுகிறேன், அதற்கு முன்னால் என்ன பார்த்துக்கொள்கிறேன் என்பதைச் சொல்கிறேன். எழுதுவது கால்வாசி வேலைதான். மிச்சமெல்லாம் யாருக்கு, எப்போது என்று பிரிப்பதிலேயே போய்விடும்.

முதலில், யார் நிஜமாகவே நின்றுபோன கஸ்டமர்? ஆறு மாதம் ஆர்டர் இல்லை என்றால் போய்விட்டார் என்று நினைக்கத் தோன்றும். கேக்கில் அது பொருந்தாது. ஒரே ஒரு குழந்தை இருக்கிற வீட்டுக்கு வருஷத்தில் ஒரு பெரிய கேக்தான் தேவைப்படும். பிப்ரவரியில் ஒரு கிலோ கேக் வாங்கினவர் ஆகஸ்டில் பேசாமல் இருந்தால் அவர் எங்கேயும் போய்விடவில்லை, அடுத்த பிப்ரவரி இன்னும் வரவில்லை. ஆனால் வாராவாரம் வியாழக்கிழமை கோதுமை பிரெட் வாங்கினவர் ஒன்றரை மாதம் பேசவில்லை என்றால் அங்கே ஏதோ மாறியிருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஒரே செய்தி போனால், ஒருவருக்கு அது ரொம்ப சீக்கிரம், இன்னொருவருக்கு ரொம்பத் தாமதம்.

நான் வைத்திருக்கிற கணக்கு எளிமையானது. ஒருவர் கடைசியாகக் கொடுத்த மூன்று நான்கு ஆர்டர்களுக்கு இடையில் சராசரியாக எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பேன். இப்போதைய மௌனம் அதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால்தான் அவர் பெயர் பட்டியலில் ஏறும். வாரம் ஒருமுறை வாங்குகிறவர் இரண்டு வாரம் தாண்டியதும் கவனத்துக்கு வருவார், ஒரு மாதம் பார்த்துவிட்டு எழுதுவேன். மாதம் ஒரு டீ கேக் வாங்குகிறவருக்கு இரண்டு மாதம் கழித்து. வருஷத்துக்கு ஒரு கேக் வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கே கிடையாது. அவருக்குத் தேதிதான் கணக்கு. அப்புறம் ஏப்ரல், மே மாதங்களை நான் எண்ணுவதே இல்லை. பள்ளி விடுமுறைக்கு எங்கள் பக்கத்தில் பாதி வீடு ஊருக்குப் போய்விடும். கோயம்புத்தூரில் அம்மா வீட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்கு பிரெட் வேண்டுமா என்று கேட்டு என்ன பயன்?

இதற்கெல்லாம் பழைய ஆர்டர் விவரம் வேண்டும். நோட்டு போட்டு ஒழுங்காக எழுதுகிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை. எழுதாதவர்களுக்கும் பாதிக்கு மேல் விவரம் போனிலேயே கிடக்கிறது. வாட்ஸ்அப்பின் தேடல் கட்டத்தில் happy birthday என்று போட்டுப் பாருங்கள். கேக் மேல் என்ன எழுத வேண்டும் என்று கஸ்டமர்கள் அனுப்பின வரிகள் எல்லாம் தேதியோடு வந்து நிற்கும். யாருடைய பிறந்தநாள், எந்தத் தேதி, “5 போட்ட மெழுகுவர்த்தி வேணும்” என்று கேட்டிருந்தால் வயது உட்பட அதிலேயே இருக்கும். anniversary, kg, eggless என்று ஒவ்வொன்றாகப் போட்டால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். மறையும் செய்திகளை இயக்கி வைத்திருக்கிறவர்களின் அரட்டையில் மட்டும் பழையது பெரும்பாலும் இருக்காது.

விட்டுப்போனவற்றைப் பணம் வந்த வரிசையில் பிடிக்கலாம். யு.பி.ஐ. செயலியில் வரவுகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனால் எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்று தெரியும். ஒரு சிக்கல் என்னவென்றால், ஆர்டர் கொடுப்பது மனைவி, பணம் போடுவது கணவர். பெயர் பொருந்தவே பொருந்தாது. தேதியையும் தொகையையும் வைத்துத்தான் ஜோடி சேர்க்க வேண்டும். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்தால் முடிந்துவிடும். பெயர், கடைசியாக வாங்கியது, தேதி, முட்டை சேர்த்ததா சேர்க்காததா, ஏதாவது குறை சொன்னார்களா. இந்த ஐந்து பத்தி போதும்.

இனி பிராட்காஸ்ட் லிஸ்ட் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்களின் முயற்சி இங்கேதான் கண்ணுக்குத் தெரியாமல் வீணாகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். இப்போது யோசித்துப் பாருங்கள். மாதாமாதம் வாங்குகிறவர் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பார். ஒரே ஒரு முறை, அதுவும் அபார்ட்மென்ட் குழுவில் யாரோ பகிர்ந்த எண்ணைத் தட்டி ஆர்டர் கொடுத்தவர் சேமித்திருக்க மாட்டார். நின்றுபோனவர்கள் பட்டியலில் இந்த இரண்டாவது வகைதான் அதிகம். அதாவது யாரைத் திரும்பக் கூப்பிட வேண்டுமோ அவர்களுக்கே செய்தி போகாது. அனுப்பினவரோ “எழுபது பேருக்கு அனுப்பினேன், யாரும் சீண்டவே இல்லை” என்று மனம் விட்டுப்போவார்.

இதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. அனுப்பின பிராட்காஸ்ட் செய்தியை அழுத்திப் பிடித்து Info பார்த்தால் யாருக்குச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்று பெயர் பெயராகக் காட்டும். ஒரு நாள் கழித்தும் அதில் இல்லாத பெயர்கள் பெரும்பாலும் உங்கள் எண்ணைச் சேமிக்காதவர்கள். என் தோழி ஒருத்தி முருகேஷ்பாளையாவில் கேக் செய்கிறாள். அவள் லிஸ்டைத் திறந்து பார்த்தபோது பாதிப் பெயர்கூட அங்கே இல்லை.

அதனால் நான் தனித்தனியாகத்தான் அனுப்புகிறேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர், அதற்கு மேல் இல்லை. காரணம் இரண்டு. ஒன்று, ஒரே வாசகத்தை மடமடவென்று நிறையப் பேருக்கு ஒட்டி அனுப்பி, அதில் சிலர் ‘ரிப்போர்ட்’ அழுத்திவிட்டால் எண்ணையே முடக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. ஹோம் பேக்கருக்கு அந்த எண்தான் கடை. இரண்டாவது காரணம் அடுப்படியில் இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரு ஓ.டி.ஜி., ஒரு ஃப்ரிட்ஜ். ஒரு சனிக்கிழமைக்கு ஐந்து கிரீம் கேக்குக்கு மேல் ஃப்ரிட்ஜில் இடம் இல்லை. ஒரே நாளில் ஐம்பது பேரைக் கூப்பிட்டு, அதில் பத்துப் பேர் அதே சனிக்கிழமைக்குக் கேட்டு, ஐந்து பேரிடம் முடியாது என்று சொன்னால் அந்த ஐந்து பேரும் இனி திரும்ப மாட்டார்கள்.

சரி, செய்திக்கு வருவோம். நான் மூன்று விதமாக எழுதுகிறேன்.

முதல் விதம் வாராவாரமோ மாதாமாதமோ வாங்கிக்கொண்டிருந்து நின்றவர்களுக்கு. பானஸ்வாடியில் ஒரு அக்கா. கோதுமை பிரெட் 400 கிராம் ஒன்று, சில வாரம் கூடவே வாழைப்பழ வால்நட் கேக். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று நின்றது. அவருக்கு எழுதியது இது:

“வணக்கம் அக்கா, நான் கேக், பிரெட் செய்து தருவேனே, சி.வி. ராமன் நகரிலிருந்து. வியாழக்கிழமை கோதுமை பிரெட் இன்னும் செய்துகொண்டுதான் இருக்கிறேன். இந்த வாரம் உங்களுக்கு ஒன்று எடுத்து வைக்கட்டுமா? புதன் மதியம் பன்னிரண்டு மணிக்குள் சொன்னால் போதும். இப்போதைக்கு வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள், ஒன்றும் நினைக்க மாட்டேன்.”

இதில் ஒவ்வொரு வரியும் ஒரு காரணத்தோடு இருக்கிறது. முதல் வரியில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் போனில் என் பெயர் இல்லாமல் வெறும் எண் மட்டும் காட்டலாம். பேக்கரியின் அழகான பெயரைச் சொன்னால் நினைவு வராது. எந்தப் பக்கம், என்ன செய்து கொடுத்தவள் என்றால் உடனே வரும். இரண்டாவது வரியில் அவர் வாங்கின அதே சாமான். புதிதாக ஆறு வகை கேக் போட்டிருக்கிறேன் என்று பட்டியல் நீட்டினால் யோசிக்க வேண்டியிருக்கும், யோசிக்க வேண்டியிருந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவார்கள். மூன்றாவது, ஆம் இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. நாலாவது, கெடு. அது சும்மா அவசரப்படுத்துவதற்காகச் சொன்ன கெடு இல்லை. புதன் மாலை மாவு பிசைந்து இரவு ஃப்ரிட்ஜில் வைத்தால்தான் வியாழன் காலை பிரெட் வரும். நிஜமான காரணம் இருக்கிற கெடுவைக் கஸ்டமர்கள் மதிக்கிறார்கள்.

கடைசி வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வழி கொடுக்காவிட்டால், வேண்டாதவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். பேசாமல் இருந்தால் காரணம் தெரியாது. அந்த பானஸ்வாடி அக்கா எழுதின பதில்: “டாக்டர் மைதா, பிரெட் எல்லாம் குறைக்கச் சொல்லிட்டாரும்மா, வீட்டுக்காரருக்கு சுகர்.” அதோடு அவரை பிரெட் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் அவர் பேத்தி வருகிற சமயத்தில் கேக்குக்கு அவரேதான் கூப்பிட்டார். மௌனமாக விட்டிருந்தால் ஏதோ என் பிரெட்டில் குறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

பதில்களைப் படித்துக்கொண்டே போனால் காரணங்கள் நாலைந்துக்குள் அடங்கிவிடும். வீடு மாறிவிட்டார்கள், பெங்களூரில் பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் அது சகஜம். அவர்கள் அபார்ட்மென்டிலேயே ஒருவர் பேக் செய்ய ஆரம்பித்திருக்கிறார். பத்து நிமிடத்தில் சாமான் கொண்டுவருகிற செயலியிலேயே கேக் கிடைக்கிறது. உடம்புக்கு ஆகவில்லை. மறந்தே போய்விட்டது. இதில் மறந்தவர்கள்தான் உடனே ஆர்டர் தருகிறவர்கள். செயலிக்குப் போனவர்களை விலையால் இழுக்க முடியாது; அவர்களுக்கு வேண்டியது அவசரத்துக்குக் கிடைப்பது. அவர்களுக்காகவே இரண்டு டீ கேக் எப்போதும் தயாராக வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். வெண்ணெய் போட்ட சாதாரண டீ கேக் காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே மூன்று நாள் நன்றாக இருக்கும் என்பதால் அதில் எனக்குப் பெரிய நஷ்டமில்லை. கிரீம் கேக்கில் அந்த விளையாட்டு நடக்காது.

இரண்டாவது விதம் பிறந்தநாள்காரர்களுக்கு. இங்கே எல்லாமே தேதிதான். பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்னால் எழுதினால் வேறு இடத்தில் சொல்லியிருப்பார்கள். இரண்டு மாதம் முன்னால் எழுதினால் “பார்த்துச் சொல்றேன்” என்பார்கள், மறந்துபோவார்கள். பன்னிரண்டிலிருந்து பதினைந்து நாள் முன்னால் என்பது எனக்குச் சரியாக அமைகிறது. அப்போதுதான் வீட்டில் யாரைக் கூப்பிடுவது, ஹால் எடுப்பதா வீட்டிலேயே செய்வதா என்ற பேச்சே ஆரம்பிக்கும்.

“வணக்கம், போன வருஷம் ஆகஸ்டில் குட்டிப் பையனுக்கு டைனோசர் கேக் செய்து கொடுத்தேன், நினைவிருக்கும். இந்த வருஷமும் வீட்டில் கொண்டாட்டம் இருந்தால் அந்த வாரத்துக்கு ஒரு இடம் வைத்திருக்கிறேன். அவனுக்கு இப்போது எது பிடிக்கும் என்று சொன்னால் இரண்டு மாதிரி அனுப்புகிறேன்.”

கூடவே நான் செய்த அந்த டைனோசர் கேக்கின் படம். பொதுவான விளம்பரப் படம் வேண்டாம். அவர்கள் வீட்டு மேஜையில் நின்ற அதே கேக்கின் படம் போதும். நான் யார் என்று விளக்க வேண்டிய வேலையே மிச்சம். குழந்தைகளுக்கு ஒரு வருஷத்தில் டைனோசர் போய் கிரிக்கெட் வந்திருக்கும். அம்மாக்கள் அதைப் பற்றிப் பேச எப்போதும் தயார். “டைனோசர் எல்லாம் முடிஞ்சு போச்சு, இப்போ ராக்கெட்” என்று பதில் வந்துவிட்டால் பாதி ஆர்டர் வந்த மாதிரி.

ஒரு எச்சரிக்கை. குழந்தையின் பெயர், வயது, தேதி எல்லாம் என்னிடம் இருந்தாலும் எல்லாவற்றையும் செய்தியில் கொட்ட மாட்டேன். “வருகிற 14ஆம் தேதி உங்கள் மகனுக்கு ஆறு வயது நிறைகிறது” என்று முன்பின் அதிகம் பழகாத ஒருவர் எழுதினால் எனக்கே கொஞ்சம் திக்கென்று இருக்கும். மாதம் சொன்னால் போதும். அதே போல பெரியவர்களின் விசேஷங்களுக்கு நான் நினைவூட்டல் அனுப்புவதே இல்லை. சதாபிஷேகத்துக்கு இரண்டு கிலோ கேக் செய்து கொடுத்த வீட்டுக்கு, அடுத்த வருஷம் “தாத்தா பிறந்தநாள் வருகிறதே” என்று எழுத எப்படிக் கை வரும்? தாத்தா இருக்கிறாரா என்று நமக்குத் தெரியாது. கல்யாண நாள் கேக்கும் அப்படித்தான். அவர்கள் குழந்தைக்கும் கேக் வாங்கியிருந்தால் அந்த வழியாகப் போவேன், இல்லையென்றால் விட்டுவிடுவேன்.

மூன்றாவது விதம்தான் கஷ்டமானது. கடைசி ஆர்டரில் ஏதோ நடந்து, வாய் திறக்காமல் போனவர்கள். நம் ஆட்களிடம் இந்தப் பழக்கம் உண்டு: ஹோட்டலில் சாம்பார் உப்பு என்றால் ரகளை செய்வார்கள், தெரிந்த வீட்டுப் பெண் செய்த கேக் என்றால் “நல்லா இருந்துச்சும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த முறை வேறு இடம் போய்விடுவார்கள். இவர்களை எப்படி அடையாளம் காண்பது? கேக் போன மறுநாள் படம் அனுப்புகிற வழக்கமுள்ளவர் அந்த முறை மட்டும் அனுப்பியிருக்க மாட்டார். அல்லது “சேர்ந்துவிட்டதா?” என்று நான் கேட்டதற்கு வெறும் கட்டைவிரல் மட்டும் வந்திருக்கும். பழைய அரட்டையில் அந்தக் கடைசி நாலு வரிகளைப் படித்தாலே வாடை தெரியும்.

இப்படி ஒரு குடும்பம், ஹோசூர் சாலைப் பக்கம். வருஷத்துக்கு மூன்று கேக் வாங்குகிறவர்கள். கடைசியாக ஏப்ரலில் ஒரு கிலோ ஃப்ரெஷ் கிரீம் மாம்பழ கேக், பைக் டெலிவரியில் போனது. அதற்கு அப்புறம் பேச்சே இல்லை. இவர்களுக்குத் தள்ளுபடி என்று எழுதினால் புண்ணில் உப்பு. எதையும் விற்கப் பார்க்காமல் இப்படிக் கேட்டேன்:

“வணக்கம் மேடம். ஏப்ரலில் மாம்பழ கேக் அனுப்பியது நினைவிருக்கும். அன்று வெயிலும் டிராஃபிக்கும் அதிகம், கேக் உங்கள் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று நான் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.”

இரண்டு நாள் கழித்து ஒரு வாய்ஸ் மெசேஜ். கேக்கின் ஒரு பக்கம் சரிந்து மாம்பழத் துண்டுகள் பெட்டியில் கிடந்ததாம். விருந்தாளிகள் வந்துவிட்டதால் கரண்டியால் தடவிச் சரிசெய்து, விளக்கை அணைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே வெட்டிவிட்டார்களாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ருசி நன்றாக இருந்தது என்றும் சொன்னார்.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். பால் கிரீம் வெயிலுக்குத் தாங்காது. ஏப்ரல் மதியம், முக்கால் மணி நேரத்துக்கு மேல் பைக்கில், பெட்டி சாய்ந்தபடி போனால் அடுக்கு நழுவத்தான் செய்யும். தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் கிரீம் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ருசி குறையும். அதனால் என்னென்ன மாற்றியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்: தூரமான இடத்துக்கு வெயில் மாதங்களில் ஃப்ரெஷ் கிரீம் கேக் அனுப்புவதில்லை, கனாஷ் போட்ட கேக்தான், கிரீம் வேண்டுமென்றால் காரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது கார் டெலிவரிக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அடுத்த ஆர்டருக்கு இது இலவசம், அது இலவசம் என்று எதுவும் சொல்லவில்லை. அடுத்த கேக்கை அவர்கள் கேட்டபோது, டெலிவரிக் கட்டணத்தை மட்டும் நான் வாங்கிக்கொள்ளவில்லை. குறை சொன்னவரிடம் உடனே சலுகையை நீட்டினால், வாயடைக்கக் கொடுத்தது போல ஆகிவிடுகிறது என்பது என் எண்ணம். எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தள்ளுபடி பற்றிக் கொஞ்சம் கணக்கோடு பேசலாம். அரைக் கிலோ சாக்லேட் டிரஃபிள் கேக்கை 700 ரூபாய்க்குக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாக்லேட், கிரீம், வெண்ணெய், முட்டை, மாவு எல்லாம் சேர்த்து 235, பெட்டி, போர்டு, கத்தி, மெழுகுவர்த்தி 45, கரண்ட் 20. ஆக 300 போக 400 நிற்கிறது. அதுதான் உங்கள் மூன்று மணி நேர வேலைக்குக் கூலி. 20 சதவீதம் தள்ளுபடி என்றால் 140 ரூபாய். விலையில் ஐந்தில் ஒரு பங்கு என்று கேட்கச் சின்னதாக இருக்கும், கூலியில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. இதே கேக்கோடு நாலு சின்னத் துண்டு பிரவுனி ஒரு குட்டி டப்பாவில் வைத்துக் கொடுத்தால் சாமான் செலவு 40 ரூபாய்க்குள் முடியும். வாங்குகிறவர் கண்ணுக்கு அது நூறு ரூபாய்ச் சாமான். போதாததற்கு, அந்தப் பிரவுனியை அவர் முன்பு ருசித்திருக்க மாட்டார். அடுத்த ஆர்டர் அதிலிருந்தே வரலாம்.

தள்ளுபடியில் இன்னொரு தொந்தரவு அபார்ட்மென்டுக்கே உரியது. நின்றுபோனவருக்கு 560 ரூபாய் என்று அனுப்பின செய்தியை, அவர் எதிர்வீட்டில் மாதாமாதம் 700 கொடுத்து வாங்குகிற அம்மாவிடம் காட்டுவார். லிஃப்டில் பார்க்கும்போது கேட்பார்கள், “ஏம்மா, வாங்காதவங்களுக்குத்தான் விலை குறைப்பியா?” இதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. பிரவுனி டப்பா என்றால் அந்த அம்மாவுக்கும் ஒன்று கொடுத்துவிடலாம்.

எந்த நாள், எந்த நேரம் என்பதும் கொஞ்சம் பொருட்டுதான். செவ்வாய் அல்லது புதன், காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு. பிள்ளைகள் பள்ளிக்குப் போய், சமையல் முடிந்து, வீட்டிலிருக்கிறவர்கள் போனை எடுக்கிற நேரம். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை ஏழு மணிக்கு மேல். வெள்ளிக்கிழமை அனுப்பினால் அந்த வார இறுதிக்கு எனக்குச் செய்ய நேரம் இருக்காது. வரலட்சுமி விரதம், விநாயகர் சதுர்த்தி, ஆயுத பூஜை வாரங்களில் யார் வீட்டிலும் கேக் பற்றி நினைக்க நேரமில்லை. புரட்டாசியில் தமிழ்க் கஸ்டமர்களுக்கு, குறிப்பாகப் பெருமாளுக்கு விரதம் இருக்கிற வீடுகளுக்கு, முட்டை போட்ட எதைப் பற்றியும் எழுத மாட்டேன். என் பட்டியலில் முட்டைக்கு ஒரு பத்தி இருப்பது அதற்காகத்தான். மொழி பற்றிக் கேட்பவர்களுக்கு: அவர்கள் என்னிடம் எந்த மொழியில் ஆர்டர் கொடுத்தார்களோ அதே மொழியில். என் கன்னடம் எழுத்தில் சுமார்தான், பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒருமுறை காட்டிவிட்டு அனுப்புகிறேன்.

அனுப்பினதும் பதிலை எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது. நீல டிக் விழுந்தும் பதில் இல்லை என்றால் அது மறுப்பு என்று அர்த்தமில்லை. இப்போது தேவை இல்லாதவர் படித்துவிட்டு வைத்துவிடுவார். ஐந்து வாரம் கழித்து வீட்டில் விசேஷம் வரும்போது அரட்டை போனிலேயே கிடக்கும், அதே செய்திக்குக் கீழே “அரை கிலோ என்ன விலை?” என்று கேட்பார். அதனால் இரண்டு மாதத்துக்குள் வந்த ஆர்டர்களை வைத்துத்தான் நான் பலனைப் பார்க்கிறேன். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் லேபிள் வசதி இருக்கிறது. எழுதின ஒவ்வொருவருக்கும் அந்த மாதத்தின் பெயரில் ஒரு லேபிள் போட்டுவிட்டால், பிறகு ஆர்டர் வந்தவர்களில் யார் அந்த லேபிளோடு இருக்கிறார்கள் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். எனக்கு அதிகம் திரும்பி வருவது பிறந்தநாள்காரர்கள். பிரெட் கஸ்டமர்கள் குறைவு, ஆனால் திரும்பினால் வாராவாரம் நிற்கிறார்கள்.

பதில் வராதவர்களுக்கு ஒரே ஒரு முறை மறுபடி எழுதுவேன், குறைந்தது ஆறு வாரம் கழித்து, வேறு விஷயத்தோடு. டிசம்பரில் பிளம் கேக் அதற்கு வசதி, பழங்களை ஊறப்போடும் நேரத்தில், அதாவது நவம்பர் ஆரம்பத்திலேயே, “எத்தனை ஊறப்போடட்டும்?” என்று கேட்டுவிடலாம். அதற்கும் மௌனம் என்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன். வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னவருக்கு ஒரு நன்றி எழுதி, அவர் பெயருக்குத் தனி லேபிள் போட்டு வைப்பேன், அடுத்த வருஷம் தெரியாமல் அவருக்கே மறுபடி அனுப்பிவிடாமல் இருக்க. வீடு மாறிப் போனவர்களிடம் மட்டும் இன்னொரு கேள்வி கேட்பதுண்டு: அவர்கள் காலி செய்த வீட்டுக்குக் குடிவந்தவர்கள் யாரையாவது தெரியுமா என்று. இரண்டு பேர் அப்படி எண் கொடுத்திருக்கிறார்கள், கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு.